நிலச் சட்டங்களும் பண்ணையாளும்: காகிதத்தில் பெயர் இல்லாதவர்களின் வரலாறு

சில மாதங்களுக்கு முன் சமூகவியல் முதுகலை மாணவர்கள் சிலரைக் கீழத்தஞ்சைப் பக்கம் ஒரு கிராமத்துக்குக் களப்பணிக்காகக் கூட்டிப் போயிருந்தேன். சேரியில் ஒரு பாட்டியிடம், "உங்க வீட்டுக்காரர் குத்தகைதாரரா, நிலச் சொந்தக்காரரா?" என்று ஒரு மாணவி கேட்டார். கேள்வித்தாளில் அந்த இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. பாட்டி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ரெண்டும் இல்ல கண்ணு, நாங்க அவங்க பண்ணையில இருந்தோம்" என்றார். மாணவி எதை 'டிக்' செய்வது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

தமிழ்நாட்டு நிலச் சட்டங்களின் வரலாறே அந்த 'டிக்' விழாத இடத்தில்தான் இருக்கிறது. நில உரிமை, குத்தகை, நில உச்சவரம்பு ஆகிய மூன்றும் பாடப்புத்தகத்தில் தனித்தனி அத்தியாயங்களாக வரும். களத்தில் அவை ஒரே கேள்வியின் மூன்று வடிவங்கள். அரசு ஒருவரை நிலத்தோடு தொடர்புடையவர் என்று எப்போது ஒத்துக்கொள்கிறது? அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

ஒரே வயல், மூன்று பேர்

காவிரிப் படுகையில் ஒரு வேலி நன்செய்யை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வேலி என்பது 20 மா, ஏக்கர் கணக்கில் சுமார் ஆறே முக்கால். பட்டா மிராசுதார் பெயரில் இருக்கும். அவர் தஞ்சாவூரிலோ சென்னையிலோ வக்கீலாக இருக்கலாம். அந்த வயலை ஊரிலேயே இருக்கும் ஒருவர் எடுத்துச் செய்வார். விளைந்தாலும் விளையாவிட்டாலும் இத்தனை கலம் அளப்பேன் என்று ஒத்துக்கொண்டால் அது குத்தகை. களத்து மேட்டில் விளைச்சலைப் பங்கு பிரித்துக்கொண்டால் அது வாரம். இந்த இரண்டாவது ஆள் பெரும்பாலும் இடைநிலைச் சாதிக்காரர். நாற்றுப் பறிப்பது, நடுவது, களை எடுப்பது, அறுப்பது, போர் அடிப்பது எல்லாம் செய்பவர் மூன்றாவது ஆள். அவர் சேரியில் இருக்கும் பறையர் அல்லது பள்ளர். அவருக்குக் கிடைப்பது தினப்படி நெல், அறுப்புக் காலத்தில் களத்து நெல், தீபாவளி பொங்கலுக்கு ஒரு துணி, குடிசை போட ஒரு துண்டு இடம். இவர்தான் பண்ணையாள். குடும்பத்தோடு வேலை செய்வார். வாங்கிய கடன் தீரும்வரை வேறு பண்ணைக்குப் போக முடியாது. கடன் தீராது.

முதல் ஆளுக்கு நிலத்தின் மேல் உடைமை இருக்கிறது, இரண்டாவது ஆளுக்கு ஒப்பந்தம் இருக்கிறது. மூன்றாவது ஆளுக்கு இருப்பது நிலத்தோடு உள்ள உறவு அல்ல, நிலம் வைத்திருக்கும் மனிதரோடு உள்ள உறவு. இந்த வேறுபாடு எப்படி வந்தது என்று பார்க்க, முதலில் இதே மிராசு முறை இருந்த செங்கல்பட்டுக்குப் போக வேண்டும். ஏனென்றால் அங்கேதான் இந்தக் கேள்வி அரசாங்கக் காகிதத்தில் வெளிப்படையாகப் பதிவானது.

மிராசு: தரிசுக்கும் சொந்தக்காரர்

மிராசு என்பது வெறும் வயலுக்கான உரிமை அல்ல. ஊரின் மொத்த விளைச்சலில் ஒரு பங்கு, ஏரியிலும் தரிசிலும் நத்தத்திலும் ஒரு பங்கு என்று அது ஊர் முழுவதையும் தழுவியது. மிராசு கைமாறும்போது அதில் உழைத்த அடிமைகளும் சேர்ந்து கைமாறினார்கள். 1843-ல் ஐந்தாம் எண் சட்டம் அடிமைமுறைக்குச் சட்ட ஆதரவை நீக்கியது. ஆனால் விடுதலையான மனிதருக்கு நிற்க ஒரு குழி நிலம் தரவில்லை. அதனால் அவர் அதே பண்ணையில் கடனாளியாகத் தொடர்ந்தார்.

மன்றோ காலத்தில் நிலைபெற்ற ரயத்துவாரி முறையைப் பற்றிப் புத்தகத்தில், "அரசு இடைத்தரகர் இல்லாமல் நேரடியாக விவசாயியிடம் வரி வாங்கியது" என்று படித்திருப்பீர்கள். சேரியிலிருந்து பார்த்தால் அந்த வாக்கியத்தில் பிழை இருக்கிறது. அரசு நேரடியாகக் கைகோத்தது பட்டாதாரரோடு. பட்டா பெற்றவர்கள் பெரும்பாலும் பழைய மிராசுதார்கள். உழுதவர் யார் என்று ரயத்துவாரி கேட்கவில்லை. தீர்வை கட்டுகிறவர் யார் என்றுதான் கேட்டது.

சரி, ஊரில் தரிசு கிடக்கிறதே, அதை உழைப்பவர் கேட்டு வாங்கலாமே? அதற்குத் தர்காஸ்து என்று ஒரு வழி இருந்தது. தரிசு நிலத்துக்கு மனு போட்டு, தீர்வை கட்டச் சம்மதித்தால் பட்டா பெறலாம். ஆனால் செங்கல்பட்டில் அந்த விதி ஒரு வரிசை வைத்திருந்தது. ஒரு தரிசுக்கு யார் மனு போட்டாலும் முதலில் மிராசுதாரைக் கேட்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் ஊரில் ஏற்கெனவே பட்டா வைத்திருப்பவர். அதற்குப் பிறகுதான் மற்றவர். ஒரு பறையர் மனு போட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிராசுதார் அந்த நிலத்தை உழப்போவதில்லை. ஆனால் தன் பண்ணையாளுக்குச் சொந்த நிலம் கிடைத்தால் நாளைக் காலை தன் வயலுக்கு ஆள் வராது என்று அவருக்குத் தெரியும். அதனால் "எனக்கு வேண்டும்" என்று ஒரு வார்த்தை சொல்வார். மனு செத்துவிடும்.

இதை 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் பறையர்களைப் பற்றிய தன் அறிக்கையில் அரசுக்கு எடுத்துக்காட்டினார். குடியிருக்கும் குடிசை மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை என்பதையும் எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892-ல் தாழ்த்தப்பட்டோருக்கென்று நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது அந்த வழியில் வந்ததுதான். அந்த நிலத்தைப் பிற சாதியார் வாங்கக்கூடாது என்று நிபந்தனை ஏன் வைக்கப்பட்டது என்பது தர்காஸ்து வரிசையைப் பார்த்தவர்களுக்குப் புரியும். கொடுத்த கையோடு பிடுங்கும் ஆள் ஊரிலேயே இருந்தார்.

குத்தகைச் சட்டம்: 'உடல் உழைப்பு' யாருடையது?

இப்போது மறுபடி தஞ்சைக்கு வருவோம். 1940-களில் கம்யூனிஸ்டுகள் தலைமையில் விவசாயிகள் சங்கம் இங்கே வளர்ந்தது. சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராகப் பண்ணையாட்கள் நிமிர்ந்தார்கள். அந்த அழுத்தத்தில் 1952 ஆகஸ்டில் ராஜாஜி அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதுவே தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் ஆனது. வாரதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு தர வேண்டும் என்றது. பண்ணையாளுக்குக் கூலியை நிர்ணயித்தது, நினைத்தபோது விரட்டக்கூடாது என்றது. பண்ணையாள் என்ற சொல் ஒரு சட்டத்தின் பெயரில் ஏறியது அப்போதுதான்.

நடந்தது என்ன? பாதுகாப்பு பண்ணையாளுக்குத்தான், தினக்கூலிக்கு இல்லை. அதனால் பண்ணையார்கள் பண்ணையாள் வைப்பதையே குறைத்தார்கள். நேற்று வரை பரம்பரையாக இருந்த ஆளை, இனிமேல் வேலை இருக்கும் நாளுக்கு மட்டும் வா என்றார்கள். கட்டு அறுந்தது உண்மை. அதோடு ஆண்டு முழுவதும் கிடைத்த நெல்லும் அறுந்தது. ஒரு சட்டம் ஒரு வகையினரைக் காக்கும்போது, அந்த வகையையே இல்லாமல் செய்வது எதிர்த் தரப்புக்கு எளிது. இதை எந்த நிலச் சட்டத்திலும் முதலில் தேடிப் பாருங்கள்.

1955-ல் மாநிலம் முழுமைக்கும் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குத்தகையை ஒழுங்காகக் கட்டும்வரை வெளியேற்ற முடியாது. 1956-ல் நியாயக் குத்தகைச் சட்டம். நன்செய்க்கு நில உடைமையாளர் பங்கு 40 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்று அது வைத்தது. பிற்பாடு அந்த வரம்பு 25 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

1955 சட்டத்தில் ஒரு வரையறை இருக்கிறது. சாகுபடிக் குத்தகைதாரர் என்பவர், தானோ தன் குடும்பத்தினரோ சாகுபடியில் உடல் உழைப்பைச் செலுத்துபவர். கேட்க நன்றாக இருக்கிறது. உட்கார்ந்து தின்னும் இடைத்தரகரை விலக்கத்தான் இப்படி எழுதினார்கள். ஆனால் அந்த வரையறையின் முதல் நிபந்தனை, குத்தகை ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்பது. நம் மூன்றாவது ஆள் அந்த வயலில் வேறு யாரையும்விட அதிகம் உடல் உழைத்தவர். அவரிடம் ஒப்பந்தம் இல்லை. ஆகவே அவருடைய உழைப்பு உழைப்பாக எண்ணப்படவில்லை. 'உழுபவனுக்கே நிலம்' என்ற முழக்கத்தில் உழுபவன் என்றால் குத்தகைதாரர் என்று பொருள் கொண்டார்கள். கூலி வாங்கி உழுபவர் அதில் அடங்கவில்லை.

வாய்மொழிக் குத்தகை செய்த தலித்துகளும் சிலர் இருந்தார்கள். அவர்களுக்கும் சிக்கல் காகிதத்தில்தான். அளந்த நெல்லுக்கு ரசீது தரும் வழக்கம் இல்லை. அடங்கலில் சாகுபடியாளர் பெயரைக் கர்ணம் எழுதுவார். கர்ணம் வேலை 1980 வரை பெரும்பாலும் பரம்பரையாக வந்தது. அவர் நிலம் உள்ள சாதியில் பிறந்தவர், மிராசுதாருக்கு வேண்டியவர். அதைச் சரிசெய்யத்தான் 1969-ல் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் வந்தது. வாய்மொழிக் குத்தகையும் விசாரித்துப் பதியலாம் என்றது. ஆனால் விசாரணையில் சாட்சி சொல்ல வேண்டியவர், அடுத்த போகத்துக்கு அதே மிராசுதாரிடம் வயல் கேட்டு நிற்க வேண்டியவர். பலர் மனு போடவே இல்லை.

உச்சவரம்பு: 100 ஏக்கர், உபரி பூஜ்யம்

மூன்றாவது சட்டம் 1961-ன் நிலச் சீர்திருத்த (உச்சவரம்பு நிர்ணய) சட்டம். ஐந்து பேர் வரை உள்ள குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர். அதற்கு மேல் ஓர் ஆளுக்கு 5 ஸ்டாண்டர்டு ஏக்கர் கூடுதல், மொத்தம் 60-க்கு மேல் போகக்கூடாது. ஸ்டாண்டர்டு ஏக்கர் என்பது பரப்பு அல்ல, தரம். ஏக்கருக்கு 10 ரூபாய்க்கு மேல் 15 ரூபாய் வரை தீர்வை உள்ள நன்செய் ஓர் ஏக்கர்தான் ஒரு ஸ்டாண்டர்டு ஏக்கர். தீர்வை குறையக் குறைய, அதே கணக்குக்கு அதிக ஏக்கர் வைத்துக்கொள்ளலாம். புன்செய் என்றால் இன்னும் பல மடங்கு.

எல்லாரும் உச்சவரம்பு தோற்றதற்குக் காரணம் பினாமி என்கிறார்கள். பினாமி இருந்தது. ஆனால் பினாமியே இல்லாமல், ஒரு பொய்கூடச் சொல்லாமல் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது நானே போட்ட உதாரணம்.

ஒரு மிராசுதாரிடம் 12 ரூபாய் தீர்வையுள்ள நன்செய் 100 ஏக்கர். ஆகவே 100 ஸ்டாண்டர்டு ஏக்கர். அதில் 90 பூர்விகச் சொத்து, 10 மனைவிக்குச் சீதனமாக வந்தது. வயது வந்த மகன்கள் இருவர், மணமாகாத மகள்கள் மூவர். பூர்விகச் சொத்தில் அன்றைய இந்துச் சட்டப்படி தகப்பனுக்கும் இரண்டு மகன்களுக்கும் சம பங்கு. ஆளுக்கு 30. வயது வந்த மகன் தகப்பனுடைய குடும்பக் கணக்கில் சேரமாட்டார், தனி நபர். அவருடைய 30 வரம்புக்குள் அடங்கிவிட்டது. தகப்பன், தாய், மூன்று மகள்கள் சேர்ந்து ஐந்து பேர் குடும்பம். அவர்களுடைய 30-ம் வரம்புக்குள். மனைவியின் சீதன நிலம் 10 ஸ்டாண்டர்டு ஏக்கர் வரை கூடுதலாக வைத்துக்கொள்ள சட்டமே அனுமதிக்கிறது. கூட்டினால் 30, 30, 30, 10. மொத்தம் 100. உபரி பூஜ்யம்.

ஒரே வீடு, ஒரே களம், ஒரே பத்தாயம், ஒரே பண்ணையாட்கள். ஆனால் சட்டத்தின் கண்ணில் உச்சவரம்புக்கு மேல் நிலம் இல்லை. சொத்து கூட்டாக அனுபவிக்கப்பட்டது, கணக்கு தனித்தனியாகப் போடப்பட்டது.

1970-ல் 30 என்பது 15 ஆனது. அதே குடும்பத்துக்கு இப்போது 15, 15, 15, சீதனம் 10 என்று 55 ஏக்கர். உபரி 45. இங்கேதான் தேதிகள் முக்கியம். முதல் சட்டத்துக்கு அடிப்படை நாள் 1960 ஏப்ரல் 6, அறிவிப்பு நாள் 1962 அக்டோபர் 2. இரண்டாவதற்கு 1970 பிப்ரவரி 15-ம், 1970 அக்டோபர் 2-ம். இந்த இடைவெளியில் நடந்த கைமாற்றங்களை, சட்டத்தை ஏய்க்கச் செய்தவை என்று கண்டால் அதிகாரிகள் செல்லாது என அறிவிக்க முடியும். ஆனால் அடிப்படை நாளுக்கு முன்பே, வரம்பு குறையும் என்ற பேச்சு கிளம்பியதுமே எழுதிவிட்ட பத்திரங்களைத் தொடுவது கடினம். கூடவே விலக்குகள் இருந்தன. தேயிலை, காபித் தோட்டங்களுக்கு விலக்கு. ஏற்கெனவே இருந்த மத அறக்கட்டளைகளின் நிலத்துக்கும் உச்சவரம்பு இல்லை. கோயில் நிலம் நிறைந்த தஞ்சையில் இது சின்ன விஷயம் அல்ல. அந்த நிலத்தைக் குத்தகை என்ற பெயரில் அனுபவித்தவர்களும் பல ஊர்களில் அதே பெரிய குடும்பங்கள்தான்.

வெண்மணியும் மனைக்கட்டும்

குத்தகைச் சட்டமும் உச்சவரம்பும் வந்த பிறகுதான் கீழ்வெண்மணி நடந்தது. அங்கே கேட்டது நிலம் அல்ல, கூலி நெல்லில் ஒரு சிறு உயர்வு. 1968 டிசம்பர் 25 இரவு, ஒரு குடிசைக்குள் ஒடுங்கியிருந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. பெரும் நிலம் உள்ளவர்கள், கார் வைத்திருப்பவர் ஒருவர், இவர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருள்பட அந்தத் தீர்ப்பு பேசியது. நில உடைமை ஒருவருடைய குற்றமின்மைக்கே சான்றாக நின்றதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் காட்டாது.

அதற்குப் பிறகு இரண்டு சட்டங்கள் மூன்றாவது ஆளை நேரடியாகப் பார்த்தன. ஒன்று, கீழத்தஞ்சைக்கான 1969-ன் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம். இன்னொன்று 1971-ன் குடியிருப்புச் சட்டம். பண்ணையார் மனையில் குடிசை போட்டிருந்த விவசாயக் கூலிக்கு அந்த மனைக்கட்டையே சொந்தமாக்கியது. பலர் இதைச் சின்னச் சலுகை என்று தாண்டிப் போகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. "என் மனையைக் காலி பண்ணு" என்பதுதான் பண்ணையாரின் கடைசி ஆயுதம். கூலி கேட்டவரை வேலையைவிட்டு நிறுத்தினால் அடுத்த ஊரில் கூலிக்குப் போவார், குடிசையைப் பிடுங்கினால் எங்கே போவார்? அந்த ஆயுதத்தைச் சில சென்ட் மனை மழுக்கியது. அதே சமயம் அதன் எல்லையும் தெளிவு. நிற்க இடம் கிடைத்தது, விதைக்க இடம் கிடைக்கவில்லை. சட்டம் அவரைக் குடியிருப்பவராக ஏற்றது, சாகுபடியாளராக ஏற்கவில்லை.

களத்தில் எப்படிப் பார்ப்பது

தஞ்சைக் கிராமத்தைப் பற்றி ஆந்த்ரே பெத்தேய் எழுதிய நூலை எல்லாரும் படிக்கிறீர்கள். 1960-களின் தொடக்கத்தில் அவர் ஸ்ரீபுரம் என்று பெயர் மாற்றி எழுதிய அந்த ஊரில் அக்ரகாரத்தில் தங்கினார். அதனால் சேரிக்குள் தாராளமாகப் போய்வர முடியவில்லை என்பதை அவரே மறைக்காமல் சொல்கிறார். அவருடைய நேர்மையை மதிக்கிறேன். ஆனால் குறிப்பேடு எந்தத் தெருவிலிருந்து தொடங்குகிறதோ, அந்தத் தெருவின் சொற்களில்தான் வகைப்பாடு அமையும்.

ஒரு வயலை எடுத்துக்கொண்டால் முதலில் 'அ' பதிவேட்டில் பட்டாதாரர் பெயரைப் பாருங்கள். அடுத்து அடங்கலில் சாகுபடியாளர் பெயர். இரண்டிலும் ஒரே பெயர் இருந்து, அந்த ஆள் ஊரிலேயே இல்லை என்றால், அங்கே பதிவாகாத குத்தகை இருக்கிறது. பிறகு வில்லங்கச் சான்று எடுங்கள். மேலே சொன்ன தேதிகளை ஒட்டி ஒரே வாரத்தில் பல பத்திரங்கள், அதே சாட்சிகள், வாங்கியவர் பண்ணையில் வேலை பார்த்தவர் என்று வந்தால் நின்று விசாரியுங்கள். கடைசியாக, அறுப்பு முடிந்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை யார் பெயரில் போடப்படுகிறது, பணம் யார் கணக்கில் ஏறுகிறது என்று கேளுங்கள். நிலம் யாருடைய அனுபவத்தில் இருக்கிறது என்பதைப் பல நேரம் பத்திரத்தைவிட அந்தப் பணம் சரியாகச் சொல்லும். இதையெல்லாம் பார்த்த பிறகும் அந்த வயலில் உழைப்பவர்களின் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. அதை வெற்றிடமாக விடாதீர்கள். எந்தக் காகிதத்தில், எந்த வரையறையால் விடுபட்டார்கள் என்று எழுதுங்கள்.

அந்த மாணவி அன்றைக்குக் கேள்வித்தாளில் பேனாவால் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டார். பக்கத்தில் 'பண்ணையாள்' என்று எழுதிவிட்டு, "எத்தனை வருஷம் இருந்தீங்க பாட்டி?" என்று கேட்டார். "நானா? எங்க மாமியாரு, அவங்க மாமியாரு, எல்லாருந்தான். எந்த வருஷத்துலேர்ந்து எழுதப்போற?" என்றார் பாட்டி.